கொடியில் கிடந்த உடுப்பு

"தம்பி, அண்டைக்கு மத்தியானத்துக்குப் பிறகு நல்லா இருட்டினதல்லோ? நான் ஓடிப்போய் கொடியில கிடந்த உடுப்பெல்லாம் எடுத்தனான். அது இதுக்குள்ள காணேல்லையே."

நாற்சார் வீட்டு அம்மா இதைக் கேட்டபோது, அவருடைய முற்றத்தை நான் எடுத்த வீடியோ என் மடியிலிருந்த மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "அது கமரா செய்த துடிப்பு அம்மா. அதைத்தான் எடுத்துவிட்டனான்" என்றேன். "ஓ, அப்படியோ" என்றார். அதற்குப் பிறகு தேத்தண்ணி வந்தது, வீடு விற்கிற கதை வந்தது. நான் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பதிலைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

அம்மாவின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: வீடு கைமாறும் முன் முற்றத்தில் ஒரு நாள் முழுக்க வெயில் நகர்வதை மூன்று நிமிடப் படமாகத் தர வேண்டும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பத்து விநாடிக்கு ஒரு படம் எடுத்தேன். மொத்தம் 4320 படங்கள். விநாடிக்கு 25 படம் என்று ஓட்டினால் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிழை கமராவின் மேல் உள்ள வட்டத்தில் இருந்தது. அதை Av-இல் விட்டிருந்தேன். துவாரம் f/8-இல் நிலையாக நிற்கும். ஷட்டர் வேகத்தைக் கமராவே பார்த்துக்கொள்ளும். விடியலின் மங்கலுக்கும் உச்சி வெயிலுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதால் அப்படிச் செய்தேன். இதை இப்போதும் முழுப் பிழை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கமரா வெளிச்சத்தைச் சிறுகச் சிறுக மாற்றாது. வெளிச்சத்தை இரட்டிக்கிற ஸ்டொப் என்ற அளவின் மூன்றில் ஒரு பங்குப் படிகளில்தான் ஏறி இறங்கும். ஒரு படி என்றால் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசி கூடும் அல்லது குறையும். வாழை இலை ஒன்று அசைந்தாலும், வெள்ளை உடுப்போடு யாராவது முற்றத்தைக் கடந்தாலும், அளவுமானி இரண்டு படிகளுக்கு நடுவில் தடுமாறும். ஒரு படம் 1/250 விநாடி, அடுத்தது 1/200, பிறகு மறுபடி 1/250. தனிப்படமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடவிட்டால் முற்றம் மூச்சு வாங்குவது போல இருக்கும்.

அந்தத் துடிப்பை நீக்கத்தான் ffmpeg என்ற வீடியோ மென்பொருளின் deflicker வடிகட்டியைப் பிடித்தேன். அது செய்வது எளிமையானது. ஒவ்வொரு படத்தின் சராசரி வெளிச்சத்தையும் அக்கம்பக்கத்துப் படங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, அந்தச் சராசரிக்கு இழுத்துவிடும். எத்தனை படங்களைச் சேர்த்துப் பார்ப்பது என்பதை size சொல்கிறது. சொல்லாவிட்டால் 5. அதில் வேகமான நடுக்கம் போனது, மெதுவாக ஏறி இறங்குகிற துடிப்பு போகவில்லை. 15 போட்டேன், 61 போட்டேன். வெள்ளி இரவு பதினொன்றரைக்கு, அந்த வடிகட்டி அனுமதிக்கிற ஆகப்பெரிய எண்ணைக் கொடுத்தேன்:

```
ffmpeg -framerate 25 -i f_%04d.jpg \
  -vf "scale=1920:-2,deflicker=size=129" \
  -c:v libx264 -pix_fmt yuv420p mutram.mp4
```

வழுவழுப்பாக வந்தது. சந்தோஷமாகப் படுத்தேன். 129 படம் என்றால் முற்றத்தின் நேரத்தில் இருபத்தொரு நிமிடத்துக்கும் மேல் என்பதை அப்போது யோசிக்கவில்லை. அதைவிடக் குறுகிய எந்த மாற்றமும், கமரா செய்ததோ வானம் செய்ததோ, சமமாக நசுங்கும். வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். அது எண்ணை மட்டும் பார்க்கிறது.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். மூலக் கோப்புகளிலிருந்து ஷட்டர் வேகங்களை ஒரு பட்டியலாக எடுத்தேன்:

```
exiftool -csv -ExposureTime -ISO -FNumber *.CR2 > mutram.csv
```

இரண்டு மணி தாண்டியதும் 1/250 நின்ற இடத்தில் 1/200 வருகிறது, பிறகு 1/160, 1/125 என்று படிப்படியாக 1/40 வரை இறங்குகிறது. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்ப ஏறுகிறது. எல்லாம் சேர்த்து 150 படங்கள், அதாவது 25 நிமிடம். வெளிச்சம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. அம்மா சொன்ன அதே இருட்டு. மழை பெய்யவில்லை, மேகம் கடந்து போய்விட்டது. ஆனால் இருட்டு உண்மையில் வந்தது.

அதை அழித்தது நான் மட்டும் இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். வெளிச்சம் குறையக் குறைய ஷட்டரை நீட்டி, முற்றத்தை ஒரே அளவு பிரகாசமாக வைத்தது கமராதான். இருட்டின் மிச்சமாக இருந்தது படி மாறும்போது வந்த அந்தத் துடிப்புகள் மட்டுமே. அவற்றைத்தான் நான் துடைத்தேன். இப்போது படத்தில் அம்மா மூன்று படங்களுக்கு, ஒரு கண்சிமிட்டும் நேரத்துக்கு, நல்ல வெயிலில் ஓடுகிறார். கொடி வெறுமையாகிறது. ஏன் ஓடுகிறார் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

சரி, திருத்தலாமா என்று பார்த்தேன். ஷட்டர் வேகம் தெரிந்தால் கமரா செய்ததை மட்டும் திருப்பிப்போட முடியும். 1/250-ஐ அளவாக வைத்து, 1/200-இல் எடுத்த படத்தை மூன்றில் ஒரு ஸ்டொப் குறைத்து, 1/40-இல் எடுத்ததை இரண்டே முக்கால் ஸ்டொப்புக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைத்து, எல்லாவற்றையும் ரோ கோப்பிலேயே செய்தேன். ஜேபெக்கில் செய்தால் கணக்கு பொருந்தாது, அங்கே வெளிச்சம் ஏற்கெனவே வளைக்கப்பட்டிருக்கும். பகல் பகுதியில் துடிப்பு கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டது. மிஞ்சியது மிகச் சிறிய நடுக்கம். f/8-க்கு லென்ஸ் துவாரத்தின் இலைகள் ஒவ்வொரு முறையும் மூடும்போது துல்லியமாக ஒரே இடத்தில் நிற்பதில்லை. அது எந்தத் தரவிலும் பதிவாகாது. அதற்கு size=5 போதும். வெள்ளி இரவு 129-ஐத் தேடிப் போனதற்கு அவசரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. ஞாயிறு கொடுக்க வேண்டியிருந்தது என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், எனக்கே எடுபடவில்லை.

ஆனால் திருத்திய படத்தை ஓட்டினால் நடுவில் ஆறு விநாடிக்கு முற்றம் கறுத்துப் போகிறது. விறாந்தை மூலை தெரியவே இல்லை. அம்மா அங்கே நின்றபோது அவருடைய கண் அந்த இருட்டுக்குப் பழகியிருக்கும், மூலையும் தெரிந்திருக்கும். அப்படியானால் இதுவும் அவர் கண்டது இல்லை. பாதி அளவு திருத்தி இன்னொன்று செய்தேன். அது பார்க்க வடிவாக இருக்கிறது, ஆனால் பாதி என்ற அளவை நான்தானே தேர்ந்தெடுத்தேன். மகனிடம் எதைக் காட்டினாலும் "அண்ணா, நடுவில வீடியோ பழுதாப் போச்சுது" என்றுதான் சொல்வார். முதல் படத்துக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் "சுப்பர், ஒரு துடிப்பும் இல்லை" என்று இருக்கிறது. அவர் அதைத்தான் கேட்டார், அதைத்தான் கொடுத்தேன்.

இரண்டு தரம் அந்த வீட்டுப் பக்கம் போனேன். சொல்லவில்லை. சொன்னால், "துடிப்பு" என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்ட அந்த "ஓ, அப்படியோ"வையும் திருப்பி வாங்க வேண்டியிருக்கும். தன் கண்ணை விட்டுவிட்டு என் மடிக்கணினியை நம்பிய இடம் அது.

போன கிழமை அந்த 150 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எதிர்க்கூரைக்கு மேலே தெரிகிற வானத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முற்றத்துக்காக ஷட்டரை நீட்டியதில் அந்த இடம் முழுக்க வெள்ளையாக எரிந்திருக்கிறது. ரோவிலும் அங்கே ஒன்றும் இல்லை. குறைத்தால் வெள்ளை சாம்பலாகிறது, வழுவழுப்பான, கோடில்லாத சாம்பல். இருட்டின் அளவை எடுக்க முடிந்தது. அந்த மேகத்தை ஒரு படத்திலும் காணவில்லை.