அளந்து பார்த்த பிறகுதான் நிறுவல்

இன்று தரம் 11க்கு வட்டத் தேற்றம்: ஒரு வில் மையத்தில் எதிரமைக்கும் கோணத்தின் சரியாகப் பாதிதான், அதே வில் பரிதியில் எதிரமைக்கும் கோணம். ஹட்டன் பக்கம் ஒரே பனிமூட்டம், லைட் போட்டுத்தான் பாடம். நிறுவலைத் தொடவே இல்லை. 6 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம் வரையுங்கள், மையக் கோணம் AOB 110° இருக்கட்டும், பரிதியில் விரும்பிய இடத்தில் P வைத்து APB ஐ அளவுங்கள் என்றேன். வட்டம் சின்னதென்றால் பாகைமானியின் விளிம்புக்குக் கோடு எட்டாது.

54, 55, 56 என்று வந்தன. பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், எனக்கு 125 வருது" என்றாள். "அழிக்க வேண்டாம் மகள்" என்று அந்தப் படத்தையே கரும்பலகையில் போட்டேன். அவளுடைய P சிறிய வில்லின் மேல் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எதிரே இருப்பது பெரிய வில். அதன் மையக் கோணம் 360இல் 110 போக 250. பாதி 125! எனக்கு அவ்வளவு சந்தோசம். சூத்திரத்தை முதலே எழுதிப் போட்டிருந்தால் அவள் 55 என்று மாற்றி எழுதியிருப்பாள்.

அப்புறம் ஒருவன், "54உம் 56உம் ஏன் சேர் வருது?" என்றான். பென்சில் கோட்டின் தடிப்பே ஒரு பாகையைத் தின்றுவிடும். அளவீட்டால் 'சரியாகப் பாதி' என்று சொல்லவே முடியாது. நாளைக்கு PO ஐ நீட்டி, இரண்டு இருசமபக்க முக்கோணிகளில் தொடங்குவோம்.