வேலிப் படத்தில் நான் பார்க்காத செடி

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வேலி அது. என்னிடம் தாவரவியல் படித்த மாணவர் ஒருவர் மாலை ஏழு மணிக்கு அனுப்பியிருந்தார். "சார், வேலி வெட்டுன அக்காவுக்குக் கையெல்லாம் தடிச்சிருக்குங்க. எரியுது, நமைக்குதுங்கறாங்க. இது என்ன கொடிங்க?" என்று கேட்டிருந்தார். கூடவே அந்த அம்மையாரின் முன்கைப் படமும் இருந்தது.

கொடியை அடையாளம் காண எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரம்பப் பல் போன்ற விளிம்புடைய இலைகள் தண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருந்தன. தண்டு வேலிக்குச்சியைச் சுற்றி ஏறியிருந்தது. ஓரிடத்தில் மூன்று பிரிவுகளாகப் புடைத்த சிறு காய் ஒன்று, சுற்றிலும் முடி நீட்டிக்கொண்டு தெரிந்தது. குப்பைமேனிக்கு ஏறத்தாழ இதே மாதிரி இலை உண்டு, ஆனால் அது சுற்றி ஏறாது. வேலிப்பருத்தி சுற்றி ஏறும், ஆனால் அதன் இலைகள் எதிரெதிரே இருக்கும், கிள்ளினால் பால் வடியும். எனவே இது செந்தட்டிதான் என்று எழுதினேன். "பயப்பட வேண்டாம், காலைக்குள் தணிந்துவிடும்" என்றும் சேர்த்தேன். செடியின் பெயரில் நான் தவறவில்லை. அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை இன்றுவரை விடவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மையாரின் வலது கண் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. கழுத்தில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. கையிலிருந்த தடிப்புகளோ நான் சொன்னபடியே அடங்கிவிட்டன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். செந்தட்டி சுற்றியிருந்த குச்சிகள் பென்சில் கனத்தில், முள்ளின்றி, வழவழப்பாக, பச்சையாக, கணுக்கணுவாகக் கிளைத்திருந்தன. அரிவாள் பட்ட முனைகளில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. வடிந்து உறைந்த பால் அது. அந்த வேலியே திருகுகள்ளி. கொடியைப் பிடித்து வெட்டியபோது அதைத் தாங்கி நின்ற கள்ளியும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கிறது. பால் பட்ட கையாலேயே அவர் கழுத்து வியர்வையைத் துடைத்து, கண்ணையும் கசக்கியிருக்கிறார்.

அந்தக் குச்சிகள் எப்படி என் கண்ணுக்குத் தப்பின? எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் வேலி என்றாலே கிளுவைதான். வறண்ட மாதங்களில் கிளுவை இலையுதிர்த்து வெறும் குச்சியாக நிற்கும். படத்தில் இலையில்லாத குச்சிகளைக் கண்டதும் மனம் அவற்றைக் கிளுவை என்று எண்ணி ஒதுக்கிவிட்டது. ஆனால் கிளுவையின் கிளை முனைகள் முள்ளாக முடியும், பட்டை காகிதம் போல உரியும். கிணற்று வாய்க்கால் ஓரமாகக் கள்ளி வைத்து அடைத்த ஒரு துண்டு வேலிதான் அந்தப் படத்தில் இருந்தது. வகுப்பில் நூறு முறை சொல்லிக்கொடுத்த வேறுபாட்டை, கேட்கப்பட்டது வேறு செடி என்பதால், நான் பார்க்கவே இல்லை.

கேள்வி கொடியைப் பற்றியதுதானே என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யல்ல. தடிப்பு வந்த பிறகு எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன: பாதிக்கப்பட்டவர் தாம் சந்தேகப்படும் செடியைத்தான் எடுத்து அனுப்புகிறார். எல்லோரும் கேள்விப்பட்ட செடி என்பதால் பார்த்தீனியத்தின் படம் அடிக்கடி வரும், உண்மையான காரணம் படத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் இந்த முறை காரணம் சட்டத்துக்குள்ளேயே, நடுவிலேயே இருந்தது.

செடியைவிட நேரம்தான் அதிகம் சொல்லியிருக்கும். செந்தட்டியின் கொட்டும் முடியின் நுனியில் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் ஒன்று ஊசி போல இருக்கிறது. முடி தோலில் பட்டதும் அந்தப் படிகம் குத்தி இறங்க, முடிக்குள் இருக்கும் நமைச்சல் தரும் பொருளும் உள்ளே போகிறது. அதனால் எரிச்சல் தொட்ட நிமிடமே தொடங்கும், தடிப்பு எழும்பும், சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில், அடங்கும். கள்ளிப்பால் இதற்கு நேர்மாறு. பட்டவுடன் தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். பாலிலுள்ள டைடர்பீன் எஸ்டர்கள் தோலைப் புண்படுத்தச் சில மணி நேரமாகும். பிறகுதான் சிவந்து, வீங்கி, கொப்புளம் கட்டும். கண்ணில் பட்டால் முதலில் இருக்கும் கரிப்பு இரவோடு இரவாகக் கடுமையாகும், கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கும். ஆக, மாலை ஏழு மணிக்கு வந்த கைப் படம் செந்தட்டியின் கதையை மட்டுமே சொல்ல முடியும். கள்ளியின் கதை அப்போது தோலில் எழுதப்படவே இல்லை.

இப்படி எழுதும்போது என் மேல் தவறில்லை என்பது போலத் தோன்றுகிறது. ஆனால் "கண் எரியுதா?" என்று ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும். வேலி வெட்டியபோதே கண் லேசாகக் கரித்ததாகவும், வியர்வை பட்டதாக நினைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டதாகவும் அவர் பின்னர் சொன்னார். அப்போதே ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவி, அன்றிரவே கண் மருத்துவரிடம் போயிருக்கலாம். பிசுபிசுத்த பால் வெறும் தண்ணீருக்குப் போகாது என்பதால், கையையும் கழுத்தையும் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை கழுவியிருக்கலாம். தணிந்துவிடும் என்று படித்தவர் ஒருவர் சொன்ன பிறகு யார் இதையெல்லாம் செய்வார்கள்? மருத்துவம் பார்த்து இரண்டு வாரத்தில் பார்வை தெளிந்தது. அந்த இரண்டு வாரக் கூலி அவருக்குப் போனது போனதுதான்.

அவரைப் பார்க்கப் போனபோது மாணவரும் வந்திருந்தார். "நீங்க சொன்ன செடி சரிதானுங்களே சார்" என்று என்னைத் தேற்றினார். அந்த அம்மையார் என் மேல் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. "கள்ளி வெட்டுனா முகத்தைத் திருப்பிக்கோணும்னு எங்கம்மா சொல்லுவாங்க. கொடிதானேன்னு இருந்துட்டனுங்க" என்றார். நானும் கொடிதானே என்றுதான் இருந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் படத்தைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: தொட்டு எவ்வளவு நேரத்தில் எரிந்தது, கண்ணில் ஏதாவது பட்டதா, எதையெல்லாம் வெட்டினீர்கள். பிறகு செடியைத் தள்ளி நின்று ஒரு முறையும், வெட்டிய முனையை நெருங்கி ஒரு முறையும், முடி தெரியும்படி தண்டை வெயிலுக்கு எதிராக வைத்து ஒரு முறையும், வெறும் கையால் தொடாமல் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் கண் கரிக்கிறது என்றார். படத்தில் பால் வடியும் செடி எதுவும் இல்லை, செந்தட்டி மட்டும்தான் தெரிந்தது. இருந்தும், இருட்டிய பிறகு பல்லடத்துக்குப் பேருந்து ஏறவைத்தேன். கண்ணில் தூசிதான் என்று மருத்துவர் சொன்னாராம். அவருக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. அந்தப் படத்தையும் பெரிதாக்கி, குச்சி குச்சியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரை அனுப்பியிருக்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் எதுவும் என் கண்ணில் படவில்லை.