விடுவித்தருள வேண்டுகிறேன்

எங்கள் மேலாளர் தமிழர். பதினோரு வருடம் முன்பு திருச்சியில் நேர்முகத் தேர்வு வைத்து, என்னைச் சிங்கப்பூரின் துவாஸில் உள்ள ஆலைக்குப் பராமரிப்புப் பொறியாளராக எடுத்தவர். அவர் கையில் ஆங்கிலத்தில் ஒரு ராஜினாமாவை நீட்ட மனசு வரவில்லை. தமிழில்தான் எழுதினேன்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தொடர்ந்து பணியாற்ற இயலாத நிலையில் இருக்கிறேன். தாங்கள் பெரிய மனது வைத்து என்னைப் பணியிலிருந்து விடுவித்தருள வேண்டுகிறேன். இத்தனை வருடங்களில் என்னால் ஏதேனும் பிழை நேர்ந்திருந்தால் பொறுத்தருளவும்."

ஐயா படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிப்பா, எச்ஆருக்கு இங்கிலீஷ்ல ஒண்ணு அனுப்பிடு" என்றார். அன்று 2024 ஜூன் 3, திங்கட்கிழமை. நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். கொடுக்கும் நாளும் கணக்கில் சேரும் என்பதால் கடைசி நாள் ஆகஸ்ட் 2, வெள்ளி. புது வேலை ஆகஸ்ட் 5, திங்கள். கச்சிதமாகத்தான் திட்டம் போட்டிருந்தேன்.

அன்று மாலையே அந்தக் கடிதத்தை வரிக்கு வரி ஆங்கிலமாக்கி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. என் 'ரிக்வெஸ்ட்' கிடைத்ததாம், நிர்வாகம் பரிசீலிக்குமாம். குடும்பச் சிக்கல் என்றால் சம்பளமில்லா விடுப்பு வேண்டுமா என்று ஒரு கேள்வி. பராமரிப்பு வேலையில் தெரிவிக்க வேண்டிய தவறு ஏதாவது நடந்திருக்கிறதா என்று இன்னொன்று. அந்த இரண்டாவது கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில், வேறொரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் அச்செடுத்த கடிதத்தைக் காட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். படித்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இதுல நீங்க வேலையை விடவே இல்லையே. விடலாமான்னு கேட்டிருக்கீங்க."

ராஜினாமாவை ஏற்க மறுக்க முதலாளிக்கு உரிமை இல்லை என்பதை மனிதவள அமைச்சே தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அது நோட்டீஸ் கொடுத்தவருக்கு. நான் அனுப்பியதில் 'விலகுகிறேன்' என்ற சொல்லும் இல்லை, கடைசித் தேதியும் இல்லை. தமிழில் 'விடுவித்தருள வேண்டுகிறேன்' என்றால் முடிவெடுத்துவிட்டேன் என்பது ஐயாவுக்குப் புரியும். அதையே 'ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி ரிலீவ் மி' என்று எழுதினால், முடிவெடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்றாகிறது.

அக்கா பேனாவை எடுத்தார். பிழை பொறுக்கும் வரியை முழுதாக அடித்தார். நம் ஊரில் விடைபெறும்போது அது ஒரு மரியாதை. அழுத்தக் கலன்களைப் பரிசோதிப்பவன் ஆங்கிலத்தில் எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம். குடும்பச் சூழ்நிலையும் போனது, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லையாம். (உண்மையில் காரணம் சம்பளம்தான். அதை எந்த மொழியிலும் எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.) நன்றியை மட்டும் குறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "எதுக்கு நன்றின்னு சொல்லுங்க" என்றார். 2019-இல் வெல்டிங் பரிசோதகர் பயிற்சிக்கு அனுப்பியதைச் சொன்னேன். அது ஒரு வரியாக உள்ளே போனது.

கடைசியில் நின்றது நான்கே வாக்கியம். 'ஐ ஆம் ரைட்டிங் டு கிவ் நோட்டீஸ் ஆஃப் மை ரெசிக்னேஷன்' என்று தொடக்கம். அடுத்து கடைசித் தேதி, பிறகு வேலையை ஒப்படைக்கும் விவரம், முடிவில் அந்த நன்றி. எனக்கு அது கரடுமுரடாகத்தான் பட்டது. எச்ஆரோ திங்கள் மதியத்துக்குள் 'நோட்டட், தேங்க் யூ' என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு வாரம் போனது போனதுதான். ஜூன் 10-இலிருந்து எண்ணினால் கடைசி நாள் ஆகஸ்ட் 9, தேசிய தினம். பொது விடுமுறையும் நோட்டீஸில் சேரும். முதல் கடிதமே நோட்டீஸ்தான் என்று வாதாடலாமா என்று கேட்டேன், அக்கா வேண்டாம் என்றார். மிச்சமிருந்த ஆண்டு விடுப்பில் நான்கு நாளை நோட்டீஸில் கழித்துக்கொள்ளக் கேட்கச் சொன்னார். அதிலும் ஒரு சொல் முக்கியம். நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் கடைசி நாள் நகராது, 9 வரை பழைய இடத்து ஊழியர்தான், புது இடத்தில் சேர முடியாது. 'ஆஃப்செட்' என்று கேட்டால்தான் தேதி முன்னால் வரும். அப்படியே கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். கடைசி நாள் மறுபடியும் ஆகஸ்ட் 2.

அன்று ஐயா மேசை டிராயரிலிருந்து என் தமிழ்க் கடிதத்தை எடுத்துக் காட்டினார். 'பிழை நேர்ந்திருந்தால்' என்ற இடத்தில் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் '2017, வால்வு' என்று எழுதியிருந்தார். ஒரே திசையில் மட்டும் ஓட்டம் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வை நான் திசை மாற்றி மாட்டிய வருடம் அது.

"பொறுத்தாச்சு, போ" என்றார்.