வவுனியா லொறியும் 200 பெட்டி டைல்ஸும்

புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் உள்ள ஹார்ட்வெயார் கடையொன்றில் கொள்முதலைப் பார்ப்பவன் நான். வவுனியாவில் எங்களிடம் வாங்கும் ஒரு கடைக்காரருக்கு 60க்கு 60 சென்றிமீற்றர் தரை டைல்ஸ் 200 பெட்டிகள் தேவைப்பட்டன. பொருள் பேலியகொடையில் உள்ள ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருந்தது. அவர்களுடைய லொறியிலேயே வவுனியாவுக்கு அனுப்பச் சொன்னால் போகவும் வரவும் சேர்த்துத்தான் கூலி கேட்பார்கள். வவுனியாவிலிருந்து புறக்கோட்டைக்கு அரிசி ஏற்றி வரும் லொறிகளோ இறக்கிய பிறகு பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகின்றன. அப்படி ஒன்றைப் பிடித்தால் கூலி வெகுவாகக் குறையும். எனவே எங்கள் லொறியை நாங்களே அனுப்பிப் பொருளை எடுத்துக்கொள்வதாகக் களஞ்சியத்துக்கு அறிவித்தோம்.

முதல் வேலை பணம். காசோலை வங்கியில் தேறி, கணக்குப் பிரிவு கட்டளையை விடுவித்த பிறகுதான் விநியோகப் பிரிவினர் பொருளை எடுத்து ஒதுக்குவார்கள். அது முடியும் முன்பே லொறியை அனுப்பினால் அது வாசலில் நிற்க வேண்டியதுதான். விடுவித்தாயிற்று என்று தொலைபேசியில் உறுதியான பிறகே லொறி உரிமையாளரோடு பேசினேன்.

அடுத்தது விவரக் கடிதம். கடையின் பெயர் அச்சிட்ட தாளில் கட்டளை இலக்கம், பொருள், பெட்டிக் கணக்கு, சாரதியின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வாகன இலக்கம், வரும் நேரம் ஆகியவற்றை எழுதி, முத்திரையிட்டு, கையொப்பமிட்டு முதல் நாளே மின்னஞ்சலில் அனுப்பினேன். மூலப் பிரதி சாரதியிடம் இருக்கும். வாகன இலக்கத்தைத் தொலைபேசியில் கேட்டு எழுதுவதை நான் விட்டுவிட்டேன். 'எல்ஜி', 'எல்ஜே' இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ஒரு எழுத்து மாறினாலும் காவலாளி வாயிலைத் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது. எனவே இலக்கத் தகட்டையும் அடையாள அட்டையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, படத்தைப் பார்த்தே எழுதுகிறேன். தொலைபேசி எண்ணும் லொறியில் வரும் சாரதியுடையதாக இருக்க வேண்டும். உரிமையாளரின் எண்ணைக் கொடுத்தால் அவர் வவுனியாவில் இருந்துகொண்டு 'வந்துவிடுவான்' என்றுதான் சொல்வார்.

நேரத்தைக் காலை பத்தரை என்று எழுதினேன். லொறி புறக்கோட்டையை விட்டுப் புறப்படும் நேரம் அல்ல, களஞ்சிய வாயிலில் நிற்கும் நேரம். அரிசி இறக்கி முடிய ஒன்பது மணியாகும், களனி ஆற்றைத் தாண்டிப் போக நெரிசலில் ஒரு மணித்தியாலம் என்று கணக்கிட்டேன்.

அன்று விடிகாலை ஐந்து மணிக்கு உரிமையாளர் அழைத்தார். வரவேண்டிய இருபதடி லொறி கலேவெலக்குப் பக்கத்தில் கிளட்ச் பழுதாகி நின்றுவிட்டது. "தம்பி, கவலைப்படாதீர்கள். வெங்காயம் கொண்டுவந்த நம்முடைய இன்னொரு லொறி கொழும்பில் நிற்கிறது, அதை அனுப்புகிறேன்" என்றார். புதிய சாரதியின் அடையாள அட்டையும் இலக்கத் தகடும் படங்களாக வந்தன. பழைய கடிதம் இனிச் செல்லாது என்று தெளிவாகக் குறிப்பிட்டு, புதிய கடிதத்தை ஏழு மணிக்குள் அனுப்பினேன். விநியோகப் பிரிவின் அலுவலர் எட்டரைக்கு அழைத்து, பழையதை நீக்கிவிட்டதாகச் சொன்னார். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

பதினொரு மணிக்குச் சாரதி அழைத்தார். "ஐயா, உள்ளே விட்டுவிட்டார்கள். ஆனால் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள்." நானே பேலியகொடைக்குப் போனேன். போனதும் என் பிழை புரிந்தது. வந்திருந்தது பதினான்கரை அடி லொறி, அதுவும் பெட்டிபோல் நாற்புறமும் மூடிய உடல். இலக்கத்தை மாற்றிக் கொடுத்த நான் வாகனத்தின் அளவைக் கேட்கவே இல்லை. இலக்கம் காவலாளிக்கு வேண்டியது; ஏற்றுகிறவருக்கு வேண்டியது வாகனம் எத்தனை அடி, திறந்ததா மூடியதா, எவ்வளவு பாரம் தாங்கும் என்பது.

இந்த டைல்ஸ் ஒரு பெட்டியில் நான்கு இருக்கும். ஒரு பெட்டி 29 கிலோ. 200 பெட்டிகள் என்றால் 5,800 கிலோ. அந்த லொறிக்கு அனுமதிக்கப்பட்ட பாரமோ 3,500 கிலோ. டைல்ஸைப் பார்த்தால் இது தெரியாது. 200 பெட்டிகளும் ஐந்து பலட்களில் அடங்கிச் சிறிய குவியலாகத்தான் இருந்தன. சாரதி "இடம் இருக்கிறதே, ஏற்றுங்கள்" என்று சொன்னதும் அதனால்தான். ஏற்றும் பிரிவின் மேற்பார்வையாளர் கைகாட்டியது இடத்தை அல்ல, பின் சக்கரங்களுக்கு மேலே இருந்த வில்லுத் தகடுகளை. அவர் மறுத்தது சரி.

மூடிய உடலால் இன்னொரு சிக்கல். திறந்த லொறியாக இருந்தால் போர்க்லிப்ட் பக்கவாட்டில் வந்து பலட்டை அப்படியே வைத்துவிடும். பிறகு படங்கு போட்டுக் கட்டினால் போதும். இதில் பின்கதவு ஒன்றுதான் வழி. ஒவ்வொரு பெட்டியையும் கையால் உள்ளே கொண்டுபோய், படுக்கையாக அல்லாமல் விளிம்பில் நிறுத்தி அடுக்க வேண்டும். களஞ்சியத்தில் அதற்கு ஆள் இல்லை. புறக்கோட்டையிலிருந்து இரண்டு நாட்டாமைகளை முச்சக்கர வண்டியில் வரவழைத்தேன்.

மூன்று பலட்களில் இருந்த 120 பெட்டிகளை ஏற்றுவது என்று முடிவெடுத்தோம். 3,480 கிலோ, அளவுக்குள் நின்றது. மிச்சம் 80. இங்கேதான் நான் அதிகம் பயந்தேன். டைல்ஸ் பெட்டியில் நிறத் தொகுதி எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே வடிவம், ஒரே பெயர், ஆனால் வேறு தொகுதி என்றால் நிறம் சற்று மாறும். பெட்டியில் பார்க்கும்போது தெரியாது, தரையில் பதித்துப் பகல் வெளிச்சம் விழும்போது கோடு போட்டதுபோல் தெரியும். ஏற்றிய பெட்டிகளின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, மீதி 80 பெட்டிகளையும் அதே தொகுதியில் எங்கள் பெயரில் ஒதுக்கிவைக்கும்படி அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பினேன். அலுவலர் அந்த இரண்டு பலட்களிலும் எங்கள் கட்டளை இலக்கத்தை ஒட்டியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

விநியோகச் சீட்டையும் பிரிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே 200 என்று அச்சாகியிருந்த சீட்டில் பேனாவால் 120 என்று திருத்தித் தரவா என்று கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நம் லொறியில் எடுக்கும்போது சாரதி கையொப்பமிட்ட கணத்திலிருந்து பொருளுக்குப் பொறுப்பு நாங்கள்தான். 200 என்ற சீட்டில் கையொப்பம் விழுந்தால் நாளை அந்த 80 பெட்டிகளுக்கு யாரிடம் போய் நிற்பது? பழையதை இரத்துச் செய்து 120க்குப் புதிய சீட்டு வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. காத்திருந்தோம். சாரதி பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி, மூலை நசுங்கிய இரண்டை மாற்றச் சொல்லி, அதன் பிறகே கையொப்பமிட்டார். லொறி வாயிலைத் தாண்டியபோது மாலை மூன்று மணி.

பழுதான இருபதடி லொறி திருத்தப்பட்டு மறுநாள் வந்தது. அதற்கான கடிதத்தில் வாகன இலக்கத்துக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: இருபது அடி, திறந்த உடல், படங்கும் கயிறும் உண்டு, 80 பெட்டிகள், நேற்றைய நிறத் தொகுதி. போர்க்லிப்ட் இரண்டு பலட்களையும் பத்து நிமிடத்தில் வைத்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் வவுனியாக்காரர் அழைத்து, 200ம் ஒரே தொகுதி, இரண்டு டைல்ஸ் மட்டும் உடைவு என்றார். அந்த இரண்டின் விலையை லொறி உரிமையாளர் கூலியில் கழித்துக்கொண்டார்.