அறுபதாம் கல்யாணமும் இலைக் கணக்கும்

மே 24, சனி

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் ஜூன் 15, ஞாயிறு, மயிலாப்பூரில். சமையல் கான்ட்ராக்டரிடம் இன்று பேசினோம். 12-ஆம் தேதி வியாழன் காலைக்குள் இலைக் கணக்கு அவர் கைக்கு வர வேண்டும். பிறகு பத்து இலை கூடினால் சமாளிப்பாராம், குறைந்தால் பணம் குறையாது.

விருந்தாளிகளுக்குப் புதன்வரை நேரம் தரலாம் என்றான் தம்பி. அப்படியென்றால் பதில் சொல்லாதவர்களை எப்போது கூப்பிடுவது? கெடு 8-ஆம் தேதி ஞாயிறு இரவு என்று வைத்தேன். அன்று எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கூடிப் பேசி முடிவெடுக்கலாம். திங்கள் முதல் புதன்வரை எங்களுக்கு.

மே 25, ஞாயிறு

தம்பி எழுதியது: "தங்கள் வருகையை விரைவில் உறுதிப்படுத்தவும்." இதற்குக் கைகூப்பும் பொம்மைதான் பதிலாக வரும். "வருவீர்களா" என்று கேட்டாலும் மரியாதைக்கு "கண்டிப்பா" என்பார்கள். எண்ணிக்கையைக் கேட்டால்தான் யோசித்துப் பதில் சொல்வார்கள். நான் மாற்றியது:

"காலை டிபனுக்கு எத்தனை பேர், மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று ஜூன் 8 ஞாயிறு இரவுக்குள் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். சமையலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வர முடியாவிட்டாலும் ஒரு வரி போடுங்கள்."

குரூப்பில் போடவில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினோம். குரூப்பில் நாலு பேர் பதில் போட்டால் மற்றவர்கள் தாங்களும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

"சொந்தக்காரங்ககிட்ட போய் இதையெல்லாம் கேக்கறதா?" என்று பெரியம்மாவுக்குக் கோபம். நியாயம்தான். பெரியவர்களுக்கு மெசேஜ் வேண்டாம், அம்மாவே போனில் "கூட யார் யார் வர்றாங்க?" என்று கேட்கட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

பாதிப் பேர் எண்ணிக்கை அனுப்பிவிட்டார்கள். சிலர் கட்டைவிரல் மட்டும். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்போ மதியம் நாலு இலை போட்டுவிடட்டுமா?" என்று திருப்பிக் கேட்டேன். தாம்பரம் அத்தான் உடனே, "இல்லை இல்லை, ரெண்டு பேர்தான், பையனுக்கு டெஸ்ட்" என்றார். தப்பான எண்ணைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க யாருக்கும் மனசு வராது.

ஜூன் 9, திங்கள்

பாக்கி இருப்பவர்களைக் கூப்பிட ஆரம்பித்தோம். "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்பவர்கள்தான் கஷ்டம். பெரும்பாலும் வர முடியாது என்பதைச் சொல்லக் கூச்சம். "வர முடியலன்னா பரவாயில்ல, இலைக்காகத்தான் கேக்கறேன், அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றதும் பலர் வரவில்லை என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டார்கள். வெளியூர்க்காரர்களிடம் ஒரே கேள்வி: "டிக்கெட் எடுத்தாச்சா?"

ஜூன் 11, புதன்

இன்னும் நழுவுபவர்கள் ஏழெட்டுப் பேர். சென்னையில் இருப்பவர்களை மதியச் சாப்பாட்டில் மட்டும் சேர்த்தேன், காலை ஆறு மணி ஹோமத்துக்கு அவர்கள் வரப்போவதில்லை. டிக்கெட் எடுக்காத வெளியூர்க்காரர்களைச் சேர்க்கவில்லை. டிபன் 70, சாப்பாடு 115. கான்ட்ராக்டருக்கு இரண்டு எண்ணையும் எழுத்தில் அனுப்பி, அவரிடம் "சரி" வாங்கியாயிற்று.