ஏசி ஒரு இரவுக்கு எத்தனை யூனிட் இழுக்கிறது: மீட்டரில் அளந்து கணக்குப் போட்ட விதம்

ஏசி செலவைக் கணக்கிட எல்லோரும் முதலில் செய்வது, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட்ஸை மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, யூனிட் விலையால் மறுபடி பெருக்குவது. 1,550 வாட்ஸ் என்று போட்டிருக்கும் ஒன்றரை டன் ஏசி 8 மணி நேரம் ஓடினால் 12.4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு இரவுக்கு 99 ரூபாய் 20 காசு. பெருக்கலில் தவறில்லை. ஆனால் 8 மணி நேரமும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியில், அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் கட் ஆகும், அறை சூடேறியதும் திரும்ப ஓடும். கட் ஆகியிருக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபேன் மட்டும் சுமார் 50 வாட்ஸ் எடுக்கும். அதனால் உண்மையான செலவு, கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அது ஸ்டிக்கரில் இருக்காது. வீட்டு மீட்டரில்தான் கிடைக்கும்.

டிஜிட்டல் மீட்டரின் திரையில் பல எண்கள் மாறி மாறி வரும். குறித்துக்கொள்ள வேண்டியது kWh என்று பக்கத்தில் தெரியும் எண். kW என்று வருவது அந்த நேரத்து லோடு அல்லது அதிகபட்ச லோடு, kVAh வேறொரு கணக்கு. அவசரத்தில் இவற்றில் ஒன்றைக் குறித்துக்கொண்டால் மறுநாள் கழிக்கும்போது பொருளில்லாத விடை வரும்.

அளக்க இரண்டு இரவு வேண்டும். முதல் இரவு ஏசி போடாமல், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் ரீடிங் எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ், மின்விசிறி, ரௌட்டர் எல்லாம் வழக்கம்போல் ஓடட்டும். அந்த வித்தியாசம் 1.2 யூனிட் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 0.15. அடுத்த இரவு, மற்ற எல்லாம் அதேபோல் இருக்க, ஏசியை வழக்கமான வெப்பநிலையில் போட்டு மூன்று ரீடிங்: போடும்போது, ஒரு மணி நேரம் கழித்து, காலையில். நடுவில் எடுக்கும் அந்த ரீடிங்கைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அதிகம் சொல்வதே அதுதான்.

ஓர் உதாரணம். 10 மணிக்கு 4312.6, 11 மணிக்கு 4314.3, காலை 6 மணிக்கு 4322.7. முதல் மணி நேரத்தில் 1.7 யூனிட். அதில் மற்ற சாதனங்களின் 0.15 போக ஏசிக்கு 1.55. மீதி ஏழு மணி நேரத்தில் 8.4 யூனிட், மற்றவற்றின் 1.05 போக 7.35, அதாவது மணிக்கு 1.05. முதல் மணியில் சுவர், கட்டில், மெத்தை எல்லாவற்றிலும் பகல் முழுக்க ஏறிய சூட்டையும் ஏசி வெளியேற்ற வேண்டியிருப்பதால் கம்ப்ரசர் நிற்பதே இல்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் மட்டுமே ஓடுகிறது. மொத்தம் 8.9 யூனிட், 71 ரூபாய் 20 காசு. ஸ்டிக்கர் கணக்கைவிட 28 ரூபாய் குறைவு. மாதத்துக்கு 267 யூனிட், 2,136 ரூபாய்.

முதல் மணி நேரத்தை மட்டும் அளந்து எட்டால் பெருக்கினால் ஸ்டிக்கர் கணக்கின் 12.4 யூனிட்டே திரும்ப வரும். நடுராத்திரியில் ஒரு மணி நேரம் மட்டும் அளந்து பெருக்கினால் 8.4 வரும், அது குறைவு. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் எத்தனை மணி நேரத்துக்கும் கணக்குப் போடலாம்:

```
யூனிட் = 1.55 + 1.05 × (மணி − 1)
செலவு = யூனிட் × ஒரு யூனிட் விலை
```

4 மணி நேரத்துக்கு 4.7 யூனிட், 37 ரூபாய் 60 காசு. நேரம் பாதியானாலும் செலவு சரியாகப் பாதியாவதில்லை, ஏனென்றால் முதல் மணிக்கான செலவு எப்படியும் உண்டு. 1.55, 1.05 இரண்டும் இந்த உதாரணத்து அறைக்கு உரியவை. உங்கள் அறைக்கு உங்கள் மீட்டர் காட்டும் எண்களைப் போட வேண்டும். வெயில் கூடும் மாதத்தில் இரண்டாவது எண் ஏறும், அப்போது திரும்ப அளக்க வேண்டும்.

சில மீட்டர்கள் தசமப் புள்ளி இல்லாமல் முழு எண்ணை மட்டும் காட்டும். ஒரு மணி நேரத்தை அளக்க அது போதாது. அப்போது மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். பக்கத்தில் 3200 imp/kWh என்பதுபோல் அச்சிட்டிருக்கும். 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். வீட்டில் மற்றவற்றைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, கம்ப்ரசர் ஓடும்போது 20 சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, 22,500-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட்ஸ் வரும். 14.5 விநாடி என்றால் சுமார் 1,550 வாட்ஸ். மீட்டரில் 1600 imp/kWh என்று இருந்தால் 45,000-ஐ வகுக்க வேண்டும். பிறகு கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால் கணக்கு முடிந்தது. இன்வெர்ட்டர் ஏசிக்கு இந்த வழி ஒத்துவராது. அதன் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால் வாட்ஸும் மாறிக்கொண்டே இருக்கும். முழு இரவு ரீடிங்தான் நம்பத் தக்கது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து வோல்ட்டால் பெருக்குவதையும் நான் ஏற்பதில்லை. பவர் ஃபாக்டர் விட்டுப்போவதால் விடை கூடுதலாக வரும்.

யூனிட் விலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயன்பாடு கூடக்கூட விலை ஏறும் ஸ்லாப் முறையில், பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுத்து ஏசிக்குப் போடக் கூடாது. முதல் 200 யூனிட் 5 ரூபாய், அதற்கு மேல் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏசி இல்லாமலே வீட்டில் 200 ஆகிறது. ஏசியின் 267 சேர்ந்தால் பில் 3,136 ரூபாய், சராசரி 6 ரூபாய் 72 காசு. சராசரிப்படி ஏசிக்கு சுமார் 1,793 என்று வரும். ஆனால் ஏசியை நிறுத்தினால் பில்லில் குறையப்போவது 2,136. ஏசியின் யூனிட்டுகள் எல்லாமே கடைசி ஸ்லாபில் விழுவதால் அந்த விலையைத்தான் போட வேண்டும். எல்லை தாண்டியதும் முதல் யூனிட்டிலிருந்தே விலை ஏறும் முறை என்றால், ஏசியோடு ஒன்று, ஏசி இல்லாமல் ஒன்று என இரண்டு முழு பில் போட்டுக் கழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு, மூன்று மணி நேரம் ஆகியும் கம்ப்ரசர் ஒரு முறைகூட நிற்கவில்லை என்றால் முதலில் செட் செய்த வெப்பநிலையைப் பாருங்கள். 18-ல் வைத்திருந்தால் வெயில் நாளில் பல அறைகள் அந்த அளவைத் தொடவே தொடாது. 25, 26-ல் வைத்தும் நிற்காவிட்டால் வாட்ஸைப் பார்க்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் இழுத்துக்கொண்டு நிற்காமல் ஓடினால், வெளி யூனிட்டின் காயிலில் தூசி அடைத்திருக்கவோ அதன் சூடான காற்று போக வழியில்லாமல் திரும்பி வரவோ வாய்ப்பு அதிகம். வழக்கத்தைவிடக் குறைவாக இழுத்துக்கொண்டு குளிர்ச்சியும் இல்லாமல் ஓடினால் கேஸ் கசிந்திருக்கலாம். உள் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதேபோல் தெரியும், அதனால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஃபில்டரைக் கழுவி, காயவைத்துப் போட்டு, அதே வெப்பநிலையில் இன்னொரு இரவு மூன்று ரீடிங்கும் எடுங்கள். மணிக்கு 1.4-ஆக இருந்தது 1.1-க்கு இறங்கினால் கோளாறு ஃபில்டரில்தான். 8 மணி நேரத்தில் இரண்டு யூனிட்டுக்கு மேல் மிச்சம்.