ஆறு பேருக்கு ஆறு வரி: எங்கள் ஹேக்கத்தான் அறிமுக ஸ்லைடு உருவான கதை

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு அணி என்றால் ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். முதலில் கல்லூரிக்குள் நடக்கும் சுற்றில் தேற வேண்டும். நாங்கள் எடுத்தது கண்மாய் நீர்மட்டம்: உபரித் தண்ணீர் வழியும் கலுங்குக்குப் பக்கத்தில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், தண்ணீர் குறித்த உயரத்தைத் தாண்டினால் ஊருக்குத் தகவல். வேலை ஓரளவு முடிந்திருந்தது. அணி அறிமுக ஸ்லைடை மட்டும் கடைசி ராத்திரிக்கு வைத்திருந்தோம், அதை எழுதும் பொறுப்பு என்னுடையது.

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஃபுல் ஸ்டாக் டெவலப்பர், ஹார்ட்வேர் எக்ஸ்பர்ட், மெஷின் லேர்னிங் ஆர்வலர், டீம் பிளேயர் என்று ஆளுக்கு ஒன்று. சீனியர் அக்கா ஒருவர் வந்து பார்த்தார். லேப்டாப் திரையில் பெயர்கள் இருந்த பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்போ எந்த வரி யாரோடதுன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். நானே எழுதியது, எனக்கே இரண்டு பேர் மாறிப்போனார்கள். அப்புறம் மெஷின் லேர்னிங் என்று போட்டிருந்த நண்பனிடம், "எவ்வளவு டேட்டா வெச்சு மாடலைப் பழக்கினே?" என்று கேட்டார். எங்கள் வேலையில் மாடலே கிடையாது, அவன் ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தான், அவ்வளவுதான். "ஸ்லைடுல என்ன இருக்கோ அதைத்தான் ஜூரி பிடிச்சுக் கேட்பாங்க, பதில் இல்லாத வரியை எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, முதலில் யார் என்ன செய்தார்கள் என்றே பார்ப்போம் என்று எங்கள் புரோகிராம் இருக்கும் கிட் ரெப்போவில் இதை ஓட்டினேன்:

```
git shortlog -sn --no-merges
```

ஒவ்வொருவர் பெயரிலும் எத்தனை கமிட், அதாவது எத்தனை முறை மாற்றத்தைப் பதிந்தார்கள் என்று வந்துவிடும். முகப்புப் பக்கம் செய்த நண்பனுக்கு 61, அந்த மெஷின் லேர்னிங் நண்பனுக்கு 4. பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் எச்சரிக்கை அனுப்பும் பகுதி முழுவதையும் எழுதியது அவன்தான், அவன் லேப்டாப் பழுதாகிக் கிடந்ததால் என் லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதினான், அந்த மெஷினில் எந்தப் பெயர் பதிந்திருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் கிட் கணக்கு வைக்கும். 61-லும் பாதி பட்டன் நிறம் மாற்றியது. அதனால் எண்ணிக்கையை நம்பாமல், ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து "நீ இல்லேன்னா இதுல எது ஓடாது?" என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் வரி.

அதிக நேரம் பிடித்தது சென்சார் செய்த தோழியின் வரிக்குத்தான். "ஹார்ட்வேர் எக்ஸ்பர்ட்" போய், கடைசியில் நின்றது இது (ஸ்லைடில் ஆங்கிலத்தில் இருந்தது): "அலையடித்தாலும் நீர்மட்டம் தாவாமல் காட்ட வைத்தவர்." காற்றடித்தால் தண்ணீர் ஆடும், சென்சார் திடீரென்று சம்பந்தமே இல்லாத ஒரு அளவைச் சொல்லும். சராசரி எடுத்தால் அந்த ஒரு தப்பான அளவே முழுக் கணக்கையும் இழுத்துவிடும். அவள் ஒன்பது முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தாள். இவ்வளவும் அந்த வரிக்குள் இல்லை, இருக்கவும் வேண்டாம். "எப்படி?" என்று ஜூரி கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இருக்கிறது.

முகப்புப் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வரைபடம், இன்னொருவன் தமிழில் படிக்கும்படி செய்த திரை என்று பிரித்ததும் குழப்பம் தீர்ந்தது. என்னுடையது சர்வர்.

ஆறாவது ஆள் ஒரு வரி புரோகிராம் கூட எழுதாதவன். "அவனுக்கு ஒருங்கிணைப்பாளர்னு போட்டுடலாம்" என்றார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. அவன் பஸ் ஏறி மூன்று கண்மாய்களுக்குப் போய், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் நீர்பாய்ச்சிகளிடம் பேசிவிட்டு வந்தவன். அதையே எழுதினேன்: "மூன்று கண்மாய் நீர்பாய்ச்சிகளிடம் கேட்டு, எச்சரிக்கை எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்தவர்."

ஸ்லைடைக் காட்டி ஆறு வரியையும் சொல்லி முடிக்க முப்பது வினாடிதான் ஆனது. ஜூரியில் ஒருவர் நேராக அந்தக் கடைசி வரிக்கு வந்தார். "அவங்க என்ன சொன்னாங்க?" என்றார். நண்பன் எழுந்து, "ராத்திரி மெசேஜ் வந்தா யாரும் பார்க்க மாட்டோம் தம்பி, போன் அடிச்சாத்தான் முழிப்போம்னு ஒரு பெரியவர் சொன்னார் சார், அதனாலதான் எஸ்எம்எஸ்ஸை விட்டுட்டு போன் காலுக்கு மாத்தினோம்" என்றான். "மாத்தினது யார்?" என்று அடுத்த கேள்வி. நாலு கமிட் நண்பன் கை தூக்கினான்.